கோடிட்ட இடம்

‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்னும் கட்டளையைக் காணாத மாணவர் இலர். ‘பட்டாசுத் தொழிலுக்குப் ______ பெற்ற ஊர் சிவகாசி’ என்று வினாத்தாளில் வருமாயின், ‘பெயர்’ என்று உடனே எழுதிவிடலாம். ‘பெயர் பெற்ற’ என்பது நாவில் பழகிய தொடர். அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் வாக்கியங்களை மாணவன் படிக்க வேண்டுவதே இல்லை. சிவகாசியைப் பற்றி அவன் ஒன்றும் அறியாதவனாயினும் மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஒரு பத்தியில் ஒழுங்கான இடைவெளியில், ஐந்தாவது சொல் போன்றவற்றை நீக்கிவிட்டு நிரப்பச் சொல்லும் முறையை 1953-ல் அமெரிக்கரான வில்சன் டெய்லர் வகுத்தார். ஓர் உரைநடை எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம் என்று அளப்பதே அவர் கருதியது. பின்னர் அது மாணவரின் படிப்பறிவை அளக்கும் கோலாகவும் ஆயிற்று. 1982-ல் ஆய்வாளர் மூவர் அக்கோலையே அளந்து பார்த்தனர். பத்தியிலுள்ள வாக்கியங்களை முறைமாற்றிக் கலைத்து, கலைந்த பத்தியையும் நிரப்பச் செய்தனர். மதிப்பெண் பெரிதும் குறைய வேண்டுமன்றோ? அவ்வாறு குறையவில்லை. மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே கண்டு நிரப்பினரேயன்றிப் பத்தியைத் தொடர்ந்து படித்தனர் என்பதற்கு அம்மதிப்பெண் சான்றாகவில்லை.

ஆகவே, கோடு எங்கே இடப்படுகிறது என்பதே கருதத்தக்கது. தீப்பெட்டிக் கூடுகளை வீட்டிலேயே ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் சிவகாசி, சாத்தூர்ப் பக்கங்களில் நெடுநாள் இருந்தது. அதனைக் கொண்டு அமைந்த பத்தி ஒன்றைக் காண்போம்.

“விடியற்காலையில் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார். வானம் ___(1)___ இருந்தது. ‘இன்று ___(2)___ முடியாது’ என்று முணுமுணுத்தார். முந்தின மாலை பசையிட்டு ஒட்டிய கூடுகள் முற்றத்தில் வரிசையாகக் கிடந்தன. அவற்றை விரைந்து உள்ளே எடுத்து வைத்தார். எதிர்வீட்டு உழவர் திண்ணையில் நின்று ___(3)___ வானத்தையே நோக்கினார். கிணறு வற்றி, அவருடைய பருத்திச் செடிகள் வாடத் தொடங்கி ஒரு வாரம் ஆயிற்று.”

முதற் கோட்டில் ‘தெளிந்து’, ‘சிவந்து’, ‘இருண்டு’ ஆகிய மூன்றும் இலக்கணப் பிழையின்றிப் பொருந்தும். எது சரியென்று அவ்வாக்கியம் சொல்லாது. மேலே போனால் இரண்டாங் கோடும் அவ்வாறே நிற்கிறது. கூடுகள் வரும் வாக்கியத்தில்தான் முடிச்சு அவிழ்கிறது. மாலையில் ஒட்டிய பசை வெயில் படாமல் விடியலுக்குள் காயாது. காயாத கூட்டை ஒருவர் விரைந்து உள்ளே எடுப்பாராயின், மழைக்கு அஞ்சியே எடுப்பார். எனவே இரண்டாவது சொல் ‘உலர்த்த’ என்பது. அங்கிருந்து பின்னோக்கி வந்தால் முதற்சொல் ‘இருண்டு’ என்பது. மூன்றாவதற்குக் ‘கவலையுடன்’ என்று எழுதுவோர் பலராவர். பருத்தி வாடுகிறதே என்பது அவர்கள் எண்ணம். ஆனால் வானமோ இருண்டிருக்கிறது. முன்னே கண்ட இருளையும் பின்னே வரும் வாட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், ‘மகிழ்வுடன்’ அல்லது ‘ஆவலுடன்’ என்பதே பொருந்தும். பாட்டிக்குத் துயரம் தந்த அதே முகில் உழவருக்கு நம்பிக்கை தந்தது. இவ்விரு விடைகளில் எதனையும் திருத்துவோர் ஏற்கலாம்.

இப்பத்தியில் ‘முந்தின மாலை’ என்னும் இரு சொற்களை நீக்கிப் பாருங்கள். கூடுகள் நன்கு காய்ந்துவிட்டமையால் பாட்டி எடுத்து வைத்தார் என்றும் கொள்ளலாம். அப்பொழுது வானம் தெளிந்திருந்தாலும் தடையில்லை. உழவர் கவலையுடன் நின்றாலும் தவறில்லை. இரு சொற்கள் போனதும் மூன்று கோடுகளும் நிலை குலைகின்றன.

வினா அமைப்போர் தம் பத்தியைச் சோதிக்கும் வழி எளியது. கோடுள்ள வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் எழுதி ஒருவரிடம் தருக. அவர் சரியான சொல்லைத் தயக்கமின்றிச் சொல்லிவிட்டால் அக்கோடு பயனற்றது. தமிழில் இதற்கு மேலும் ஒரு கண்ணி உண்டு. முதலில் கண்ட ‘தொழிலுக்குப் ______’ என்னும் தொடரில் கோட்டுக்கு முன் நிற்கும் ‘ப்’, விடை பகரத்தில் தொடங்கும் என்று காட்டிக்கொடுத்து விடுகிறது. வினைமுற்றின் விகுதியும் அவ்வாறே. ‘வந்தாள்’ என்று முடிந்தால் எழுவாய் பெண்பால் என்பது வெளிப்படை. பாட்டியின் பத்தியில் எந்தக் கோட்டுக்கு முன்னும் வல்லொற்று மிகவில்லை என்பதை நோக்குக.

முன்னும் பின்னும் தேடியும் சான்று கிட்டாத கோடுகளும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சுவடிகளில் பல அடிகள் சிதைந்திருந்தன. 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவே இல்லை. அவ்விரண்டு எண்களுக்கும் நேரே இன்றும் பாட்டு இல்லை.