சட்டைப்பையில் இருந்த சாவி

வங்கிக் கிளையொன்றில் காசாளராகப் பணியாற்றிய நாள்களில், ஒரு பிற்பகல் மட்டும் முன்னதாகப் புறப்படுவது பெரிய காரியம் என்று நான் எண்ணியதில்லை. முழுநாள் விடுப்புக்கு விண்ணப்பம் எழுதுவேன். அரை நாளுக்கு வாய்ச்சொல் போதும் என்பது என் எண்ணம். 2017-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த எண்ணம் பொய்த்தது.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு மருத்துவர் பணித்திருந்தார். அன்று மாலை 3 மணிக்கு நகரத்து மருத்துவமனையில் நேரம் குறித்திருந்தார்கள். நண்பகலில் மேலாளர் அறைக்குள் தலையை நீட்டி, "ஐயா, கண் பரிசோதனைக்குப் போய்விட்டு 5 மணிக்குள் வந்துவிடுகிறேன்" என்றேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே தலையசைத்தார். உடன் பணியாற்றிய சகோதரியிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மனைவியுடன் பேருந்து ஏறினேன்.

வங்கியின் பணப் பெட்டகம் ஒருவர் கையால் திறப்பதன்று. அதற்கு இரண்டு சாவிகள்; ஒன்று காசாளரிடமும், மற்றொன்று அதிகாரியிடமும் இருக்கும். இரண்டும் ஒன்றுசேர்ந்தால்தான் கதவு திறக்கும். மாற்றுச் சாவிகளோ முத்திரையிடப்பட்டு வேறொரு கிளையில் பத்திரமாக இருக்கும். நினைத்தவுடன் எடுத்துவர இயலாது. அன்று நான் கொடுத்தது பணத்தை மட்டுமே. சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது.

மருத்துவமனையில் கண்மணியை விரிவடையச் செய்யும் சொட்டு மருந்தை இட்டு அரை மணி நேரத்திற்கு மேல் கண்மூடி அமரச் செய்தார்கள். பரிசோதனை முடிந்து வெளியே வந்தபோது வெயில் ஊசியாய்க் குத்தியது. அருகிலிருந்த எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. இந்த மங்கல் தெளியச் சில மணி நேரம் ஆகும் என்றார் செவிலியர். 5 மணிக்குள் திரும்பி நோட்டு எண்ணுவேன் என்று சொன்னவன், நோட்டின் இலக்கத்தையே படிக்க இயலாத நிலையில் நின்றேன்! ஒலியடக்கி வைத்திருந்த கைப்பேசியை என் மனைவிதான் பார்த்தாள். "பதினோரு அழைப்பு வந்திருக்குங்க" என்றாள்.

வாடகை வண்டியில் கிளைக்கு வந்து சேர்ந்தபோது இரவு 8 மணி. அன்றைய பணத்தை மேசைமீது வைத்து, மூவர் காவல் இருந்தார்கள். அந்தச் சகோதரியின் ஊருக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. அவர் கணவர் கைக்குழந்தையுடன் வாசலில் காத்திருந்தார். ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. மறுநாள் காலை விளக்கக் கடிதம் எழுதினேன்.

அடுத்த ஆண்டு பரிசோதனைக்கு அழைப்பு வந்தபோது, முதலில் மேலாளரிடம் போகவில்லை. அந்தச் சகோதரியிடம் போனேன். அவரிடம் தகவலாகச் சொல்லாமல், "வியாழன் பிற்பகல் பணமும் சாவியும் நீங்கள் ஏற்க இயலுமா?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, தாம் 5.30-க்குமேல் இருக்க இயலாது என்றார். அது எனக்குப் பயனுள்ள பதில். முன்பே கேட்காதிருந்தால் அது அன்று மாலைதான் தெரியவந்திருக்கும். அவர் இசைந்த பின்னரே, மூன்று நாள் முன்னதாக, மேலாளருக்கு இவ்வாறு எழுதினேன்:

"வரும் வியாழக்கிழமை மருத்துவப் பரிசோதனைக்காகப் பகல் 1 மணிக்குப் புறப்பட வேண்டியுள்ளது. பிற்பகல் அரை நாள் விடுப்பு வேண்டுகிறேன். அன்று மீண்டும் பணிக்கு வர இயலாது. 12.30-க்குப் பணத்தைச் சரிபார்த்து, பணத்தையும் பெட்டகச் சாவியையும் உடன் காசாளரிடம் ஒப்படைக்க அனுமதி கோருகிறேன். அவர் பொறுப்பேற்க இசைந்துள்ளார், 5.30-க்குள் அவர் புறப்பட வேண்டும். 3 முதல் 5 வரை என்னுடன் பேச இயலாது. அவசரமெனில் என் மனைவியின் எண்ணுக்கு அழைக்கலாம்."

இதில் நோயின் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முந்திய ஆண்டு போகிற போக்கில் 'கண்' என்று சொன்னதே, "காசாளருக்குப் பார்வை போகிறதாம்" என்று கடைத்தெருவரை சென்றிருந்தது. மருத்துவமனைச் சீட்டைக் கேட்டால் காட்டலாம். கேளாதபோது பரிசோதனை என்ற சொல்லே போதும். ஆனால் 'மீண்டும் வர இயலாது' என்பதை மறைக்கக் கூடாது. திரும்பி வருவேன் என்று நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்தான், முந்திய ஆண்டு மூவரை இரவுவரை உட்கார வைத்தது. மாலை 5 மணிக்கு வந்துவிடுவான் என்று நம்பியிருந்ததால்தான் அவர்கள் முன்னதாக என்னை அழைக்கவில்லை.

மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மற்றச் சாவிக்காரருக்குத் தெரியுமா?" தெரியாது. அதை நான் மறந்திருந்தேன். பெட்டகம் பூட்ட அந்த அதிகாரியும் 5 மணிக்கே இருக்கையில் இருக்க வேண்டுமல்லவா? உடனே அவரிடம் சென்று சொன்னேன். சனிக்கிழமை வரவேண்டிய ஒரு மாத விற்பனைத் தொகையை அந்த வியாழன் மாலையே கட்ட எண்ணியிருந்த அரிசி மண்டிக்காரரிடமும், பகலுக்குள் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டேன்.

வியாழன் 12.30-க்கு நோட்டுகளை மதிப்புவாரியாக எண்ணிப் பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிட்டோம். சாவிப் பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, மேலாளர் முன்னிலையில் சாவியைக் கொடுத்தேன். பேருந்தில் ஏறியபின் பழக்கத்தில் கை சட்டைப்பையைத் தடவியது. பை வெறுமையாக இருந்தது.

மாலையில் மனைவியின் கைப்பேசி ஒருமுறை ஒலித்தது. என் மகள், பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்க அழைத்திருந்தாள்.