பதினைந்து வயது முடிவதற்குள் ஒரு பத்திரம்

சென்ற ஆண்டு ஜூனில் சிதம்பரத்திலிருந்து தங்கை போன் செய்தாள். "அக்கா, பாப்பாவுக்கு இனிஷியல் மாத்தணும். ஸ்கூல்ல என்ன எழுதிக் கொடுக்கணும்?"

பாப்பா அவள் பெற்ற பிள்ளை இல்லை. கடலூர் முதுநகரில் இருக்கும் அவள் கணவரின் அண்ணனுக்கு இரண்டாவது மகள். இரண்டு வயதில் தூக்கி வந்து வளர்க்கிறாள். ஒன்பதாம் வகுப்பு வரை பழைய தகப்பன் பெயரிலேயே ஓடிவிட்டது.

நான் கேட்டது பிறந்த தேதி. பதினைந்து முடிய நான்கு மாதமே இருந்தது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, குடும்ப வழக்கம் இருந்தாலொழிய, 15 வயது முடிந்த பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. தங்கைக்கு வேறு மகள் இருந்திருந்தாலும் முடிந்திருக்காது. (இந்து அல்லாதவர்களுக்கும், இல்லத்திலிருந்து குழந்தை எடுப்பவர்களுக்கும் வழி வேறு. அதில் கலெக்டர் உத்தரவு வேண்டும்.)

கையில் ஒரு நோட்டரி பத்திரம் வைத்திருந்தார்கள். "வளர்க்க ஒப்படைத்தோம்" என்று எழுதியிருந்தது. வளர்ப்பது வேறு, தத்து வேறு. தலைமையாசிரியையாக இருந்தபோது இப்படி வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெற்றவர்கள் கொடுக்க, இவர்கள் வாங்கிக்கொண்டதாக, அது நடந்த தேதியோடு எழுத வேண்டும். அதனால் உறவினர் முன்னிலையில் வீட்டில் அதை முறையாகச் செய்துவிட்டு, புதுப் பத்திரம் எழுதினோம்.

கையெழுத்துப் போடும் இடத்தில் பெற்ற தாய் பேனாவை வைத்துவிட்டாள். "அப்புறம் இவ என் பொண்ணு இல்லையா அக்கா?" சட்டப்படி இல்லை. தத்தை ரத்து செய்து பிள்ளையைத் திரும்பப் பெறவும் முடியாது. நான் மறைக்கவில்லை. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. பாப்பாதான் போய், "சித்தி வீட்லதானேம்மா இருக்கேன், எங்க போறேன்" என்றாள். பிறகு நால்வரும் கையெழுத்திட்டார்கள். சிதம்பரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். பதிவான பத்திரம் இருந்தால், தவறென்று யாராவது நிரூபிக்கும்வரை தத்து செல்லும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

தங்கை நேராகப் பள்ளிக்குப் போகத் துடித்தாள். நான் கடலூருக்கு அனுப்பினேன், பிறப்பு அங்கேதான் பதிவாகியிருந்தது. பத்திரத்தைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரை மாற்றினார்கள். பிறந்த தேதியும் இடமும் மாறாது. அந்தச் சான்றிதழை வைத்து ஆதார், அதற்குப் பிறகு பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் எமிஸும். முதலில் பள்ளியில் மாற்றினால் ஆதார் ஒன்று, எமிஸ் ஒன்று என்று நிற்கும்.

எமிஸிலிருந்துதான் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போகிறது. மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு மாற்றுவதென்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை அலைய வேண்டும்.

இந்த வருடப் பட்டியலைச் சரிபார்க்கப் பள்ளியில் கொடுத்தார்களாம். தங்கை அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். இனிஷியல் சரியாக இருந்தது. தாய் பெயரில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை. நாளை போய்த் திருத்தச் சொல்லியிருக்கிறேன்.