70 பாகை 700 ஆன கதை

தரம் 8 பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலக் கணிதப் பயிற்சித்தாளைத் தமிழாக்கினோம். இணையத்தில் பார்த்து ‘நாற்கரம்’ என்று போட்டுவிட்டோம். “சேர், இது என்ன உரு?” என்று கேட்டார்கள். அவர்களது பாடநூலில் அது ‘நாற்பக்கல்’. முக்கோணமும் அங்கே ‘முக்கோணி’தான். பரீட்சைத்தாளிலும் அந்தச் சொற்களே வரும்.

அடுத்த பிழை இலக்கத்தில். 70°, 110°, 80° தந்து நான்காம் கோணத்தைக் கேட்டிருந்தோம். பாகைக் குறிக்குப் பதிலாகச் சிறிய பூச்சியத்தை மேலே தட்டியிருந்தோம். போனுக்குப் பிரதி பண்ணியதும் அது கீழே இறங்கி 700, 1100, 800 ஆகிவிட்டது. கூட்டுத்தொகை 360ஐத் தாண்டியதால் ஒரு பிள்ளை கழிக்க முடியாமல் அழுதே விட்டது. சரியான விடை 100°.

இப்போது ° குறியையே இடுகிறோம். பாடநூலைப் பக்கத்தில் வைத்துச் சொற்களைப் பார்த்து, ஒரு தாளை அச்செடுத்து நாங்களே கணக்கைச் செய்த பிறகுதான் போட்டோகொப்பிக்குக் கொடுக்கிறோம்.