மண்ணெண்ணெய் விலையும் மீறப்பட்ட ஒரு வாக்கும்

பொருளியல் பாடத்தில் 'கால இசைவின்மை' எண்டு ஒரு தலைப்பு வரும். வந்தாறுமூலையில நாங்கள் அதைப் பரீட்சைக்காகத்தான் படித்தோம். இண்டைக்கு நல்லதாகத் தெரிகிற திட்டம், அதை நிறைவேற்ற வேண்டிய நாள் வரும்போது, போட்டவருக்கே நல்லதாகத் தெரியாது. அவர் கெட்டவராகவோ முட்டாளாகவோ இருக்கத் தேவையில்லை. நல்ல மனதோடயே வாக்குக் கொடுத்து, நல்ல மனதோடயே அதை மீறுவார். அவர் மீறுவார் எண்டு மற்ற எல்லாருக்கும் முதலே தெரியும். சிக்கல் அங்கதான் தொடங்குது.

1977இல் ஃபின் கிட்லண்ட், எட்வர்ட் பிரெஸ்கொட் எண்ட இரண்டு பேர் இதை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரையில் வரும் உதாரணங்களில் ஒன்று வெள்ளச் சமவெளி. 'இந்தத் தாழ்நிலத்தில் வீடு கட்டாதீங்க, கட்டினாலும் நாங்கள் அணை போட்டுத் தரமாட்டோம்' எண்டு அரசு சொல்லுது. சனங்கள் யோசிக்கிறார்கள்: 'நாங்க ஆயிரம் குடும்பம் போய்க் குந்தினா, வெள்ளம் வாற நேரம் பாத்துக்கொண்டா இருப்பாங்க?' ஆயிரம் குடும்பம் போய்க் குந்துது. அரசு அணை போடுது. அணை போட வேண்டி வந்ததே, அணை போடுவார்கள் எண்டு நம்பினதாலதான்.

வாவிக்கரையில் வளர்ந்த ஆளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு மாரியிலும் முகத்துவாரம் எப்ப வெட்டுறது எண்டு ஒரு இழுபறி வரும். படுவான்கரை வயல்காரருக்கு நேரத்தோட வெட்ட வேணும். மீன்காரருக்குப் பிந்தி வெட்டினா நல்லது. தாழ்வான நிலத்தை நிரப்பி வீடு கட்டினவர்களும் வந்து சேர்ந்தால், வெட்டச் சொல்லும் பக்கம் இன்னும் பலமாகும்.

ஆனால் நாங்கள் எழுத வந்தது வெள்ளத்தைப் பற்றியில்ல, மண்ணெண்ணெயைப் பற்றி. வாவிக்குள்ள தோணி வலிக்கிறவருக்கு எண்ணெய் தேவைப்படாது. பாலமீன்மடு, நாவலடிப் பக்கமிருந்து கடலுக்குப் போற ஃபைபர் போட்டுகளுக்கு மண்ணெண்ணெய் எஞ்சின்தான் உயிர்.

2018 மே 10ஆம் திகதி அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீரவின் காலத்தில் எரிபொருள் விலைச் சூத்திரம் நடைமுறைக்கு வந்தது. இனி விலையை அரசியல்வாதி தீர்மானிக்கமாட்டார், உலகச் சந்தை விலையைப் பார்த்து மாதம் ஒருமுறை கணக்கு தீர்மானிக்கும் எண்டதுதான் வாக்கு. சூத்திரம் இப்படி:

```
MRP = V1 + V2 + V3 + V4
```

இடப்பக்கம் இருப்பது உச்ச சில்லறை விலை. வலப்பக்கம் முறையே எண்ணெய் வந்து இறங்கும் செலவு, பதப்படுத்தும் செலவு, நிர்வாகச் செலவு, வரி. பார்க்கச் சின்னக் கணக்கு. ஆனால் முதல் இரண்டு மாதம் இந்தக் கணக்கையே வெளியில் காட்டவில்லை. யாருக்கும் தெரியாத விதியை மீறினால் யார் பிடிக்கிறது?

அந்த ஒரே இரவில் மண்ணெண்ணெய் 44 ரூபாயிலிருந்து 101 ரூபாய்க்கு ஏறியது. நாடெங்கும் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஜூன் மாதம் 70 ரூபாய்க்கு இறக்கினார்கள். வாக்கு ஒரு மாதம் நிண்டு பிடித்தது, அவ்வளவுதான். அந்த மீனவர்களின் கோபம் பிழையெண்டு நாங்கள் சொல்லவில்லை. 101 ரூபாய்க்கு எண்ணெய் அடித்துப் போய் வெறும் வலையோட வாறவர் போராடாமல் என்ன செய்வார்? அமைச்சர் இறக்கினதும், அந்த ஜூன் மாதத்தை மட்டும் பார்த்தால், நியாயந்தான். ஆனால் அந்த மாதத்தை மட்டும் பார்க்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லீற்றர் அளவுகள் நாங்கள் வைத்துக்கொண்ட எடுகோள், விலைகள் உண்மையானவை. ஒருவர் புது எஞ்சின் வாங்கப் போகிறார். மண்ணெண்ணெய் எஞ்சின் விலை குறைவு, ஆனால் ஒரு நாள் தொழிலுக்கு 25 லீற்றர் குடிக்கும். பெற்றோலில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் விலை கூட, ஆனால் அதே ஓட்டத்துக்கு 15 லீற்றர் போதும். 2018 மே மாதம் பெற்றோல் 137 ரூபாய். சூத்திரத்தை நம்பினால் மண்ணெண்ணெய்ச் செலவு 25 தடவை 101, அதாவது 2525 ரூபாய். பெற்றோல் செலவு 15 தடவை 137, அதாவது 2055 ரூபாய். நாளுக்கு 470 ரூபாய் மிச்சம். எஞ்சினுக்குக் கூடக் கொடுத்த காசு மெல்ல மெல்லத் திரும்பி வரும்.

சூத்திரத்தை நம்பாமல், 'நாலு நாள் றோட்டில குந்தினா இறக்குவாங்க' எண்டு நினைத்தால்? 25 தடவை 70, 1750 ரூபாய்தான். இப்போது மண்ணெண்ணெய் எஞ்சினே லாபம். ஜூன் மாதம் அரசு நடந்துகொண்ட விதம், நம்பாதவர் நினைத்ததே சரி எண்டு எல்லாருக்கும் காட்டிவிட்டது. அதுக்குப் பிறகு எஞ்சின் வாங்கப் போற ஒவ்வொருவரும் எதை வாங்குவார்?

கூட்டு விளைவு இப்படி வரும். விலை இறங்கும் எண்ட நம்பிக்கையில் எல்லாரும் மண்ணெண்ணெய் எஞ்சினே வாங்குகிறார்கள். அடுத்த தடவை விலை ஏறும்போது அடிபடுகிற ஆட்கள் இன்னும் கூட. அதனால் போராட்டமும் பெரிது, அரசு பணிய வேண்டிய கட்டாயமும் பெரிது. மாறாக, விதி நிற்கும் எண்டு எல்லாரும் நம்பியிருந்தால் கொஞ்சப் பேராவது எஞ்சினை மாற்றியிருப்பார்கள், விதியைக் காப்பாற்றுவதும் லேசாகியிருக்கும். விதியின் பலன் விலை மாறுற அண்டைக்கு வாறதில்ல. அதுக்கு முதலே, ஆட்கள் எஞ்சின் வாங்குற நேரத்தில வருது. தற்றுணிபில் முடிவெடுக்கிற அமைச்சர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பலனைப் பெற முடியாது. அவர் முடிவெடுக்க உட்காரும்போது எஞ்சின்கள் எல்லாம் வாங்கி முடிந்திருக்கும்.

2019 கடைசியில் ஆட்சி மாறினதோட சூத்திரம் கைவிடப்பட்டது. அது சட்டமில்லை, அமைச்சரவையின் முடிவு. அமைச்சரவை கொண்டுவந்ததை அமைச்சரவை தூக்கிப் போட்டது. 2020இல் கொரோனாவால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்தது. சூத்திரம் இருந்திருந்தால் இங்கேயும் இறங்கியிருக்கும். இறக்கவில்லை. மிச்சம் பிடிக்கிற காசை ஒரு நிதியத்தில் போட்டு, விலை ஏறும்போது சனங்களைக் காப்போம் எண்டார்கள். 2021 ஜூனில் விலை ஏறினபோது அந்த நிதியம் காப்பாற்றவில்லை, பெற்றோல் 137இலிருந்து 157 ஆனது. அதே வாக்கு, அதே முடிவு. மீனவர் கோபத்துக்குப் பயந்து மண்ணெண்ணெயை மட்டும் 77, பிறகு 87 எண்டு மெல்லத்தான் நகர்த்தினார்கள்.

அடுத்தது 2022. டீசல் 400 ரூபாயைத் தாண்டினபோதும் மண்ணெண்ணெயின் கட்டுப்பாட்டு விலை 87 ரூபாய்தான். காகிதத்தில் மட்டும். டொலர் இல்லை, சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மசகெண்ணெய் இல்லாமல் திரும்பத் திரும்ப மூடிக்கிடந்தது. எங்கட வகுப்பில ஒருத்தனுடைய தகப்பன் கடல்தொழில். அவரிட்ட 'மாமா, அப்ப விலை குறைவா இருந்தது நல்லந்தானே?' எண்டு கேட்டோம். "எண்பத்தேழு ரூவா எண்டு போட்டிருந்தாங்க மனே, எண்ணெயைத்தான் காணல்ல" எண்டார்.

ஆகஸ்ட் 22ஆம் திகதி ஒரே தடவையில் 340 ரூபாய். எங்கட பழைய கணக்கின்படி மண்ணெண்ணெய் எஞ்சின்காரருக்கு நாள் செலவு 2175இலிருந்து 8500. அண்டைக்குப் பெற்றோல் 450. அந்த எஞ்சின் வைத்திருந்தவருக்கு 6750. 2018இலேயே மாதத்துக்குப் பத்துப் பதினைஞ்சு ரூபாயாக ஏற்றி, அதை முதலே அறிவித்து, பிறகு அசையாமல் நிண்டிருந்தால், இந்த நாலு வருசத்தில எத்தனை எஞ்சின் மாறியிருக்கும் எண்டு எங்களுக்கு யோசிக்காமல் இருக்க ஏலாது.

எங்கட விமர்சனம் விதியை மீறினவர்களுக்கு மட்டுமில்ல, விதி எழுதினவர்களுக்கும். 44இலிருந்து 101க்கு ஒரே இரவில் பாயிற விதி மீறப்படும் எண்டு அதை எழுதும்போதே தெரிந்திருக்க வேணும். தாங்க முடியாத விதி, விதி இல்லாததை விட மோசம். ஒவ்வொரு தடவை அது உடையும்போதும் அடுத்த விதியின் மேலுள்ள நம்பிக்கையையும் கொண்டு போகும். ஏழை மீனவருக்கு உதவ வேணும் எண்டால் அதை விலைக்கு வெளியே செய்யலாம். பதிவு செய்த போட்டுக்கு மாதம் இவ்வளவு எண்டு காசாகக் கொடுத்தால், பெற்றோல் எஞ்சினுக்கு மாறினவருக்கும் அது கிடைக்கும். 2024இல் மீனவருக்குக் கொடுத்த மானியம் லீற்றருக்கு 25 ரூபாய் எண்டு வந்தது. கூடக் குடிக்கிற எஞ்சினுக்குக் கூடக் காசு. நல்ல எண்ணம், ஆனால் 2018இன் அதே பிழை சின்ன உருவத்தில.

இதே சிக்கல் பெரிய அளவில் மத்திய வங்கியிலும் இருந்தது. பணவீக்கத்தைக் குறைவாக வைப்போம் எண்டு சொல்லுவார்கள். வரவுசெலவில் துண்டு விழும்போது அரசின் திறைசேரி உண்டியலை மத்திய வங்கியே வாங்கும், புதுக் காசு வெளியே வரும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். இங்கே நடந்த திருத்தம்தான் எங்களுக்குச் சுவாரசியமாகப் பட்டது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசிடமிருந்து நேரடியாக உண்டியல் வாங்குவதைத் தடுத்தது. பணவீக்க இலக்கு 5 சதவீதம் எண்டு நிதியமைச்சரோட உடன்படிக்கை எழுதி வெளியிட்டார்கள், மேலே கீழே 2 சதவீதம் விலகலாம். தொடர்ந்து இரண்டு காலாண்டு அந்த எல்லைக்கு வெளியே போனால், ஏன் எண்டு பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேணும். 2024இல் பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது, அறிக்கையும் கொடுத்தார்கள். இலக்குத் தவறுது, ஆனால் தவறினது வெளியே தெரியுது, பதிலும் சொல்ல வேண்டியிருக்குது. 2018 சூத்திரத்தில் இது ஒண்டுமே இருக்கவில்லை.

எரிபொருள் விலை இப்போது திரும்பவும் மாதாமாதம் கணக்குப்படி மாறுது. இந்தத் தடவை பின்னால் நிற்பது 2023 மார்ச்சில் தொடங்கின 48 மாத சர்வதேச நாணய நிதிய ஏற்பாடு. அது முடிஞ்ச பிறகு யார் நிற்பார்கள்? வகுப்புத் தோழனின் தகப்பனிட்ட, இனி எஞ்சின் வாங்கினா எது வாங்குவீங்க எண்டும் கேட்டோம். கொஞ்சம் யோசிச்சிட்டு, "தேர்தல் எப்ப வருது?" எண்டு எங்களிட்டக் கேட்டார்.