பங்களிப்பு: எதற்குப் பங்களிப்பு?

நான் கலைப்பட்டதாரி. கணக்கீட்டில் ஒரு புதிய பதம் வந்தால் சூத்திரத்துக்கு முன் அதன் பொருளைத்தான் தேடுவேன். ‘பங்களிப்பு’ என்றால் எதற்குப் பங்களிப்பு? முதலில் நிலையான கிரயத்தை ஈடுசெய்வதற்கு. அது ஈடான பின்னர் இலாபத்துக்கு. இந்த ஒழுங்கை மனதில் வைத்திருக்கும் மாணவர் பின்வரும் வினாவில் தடுமாறமாட்டார்.

பனையோலைப் பெட்டி செய்யும் நிலையமொன்றில் பெட்டி ஒன்றின் விற்பனை விலை ரூ. 400. ஓலை, சாயம், பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலி ஆகிய மாறும் கிரயம் ரூ. 240. மாதம் 500 பெட்டிகள் உற்பத்தி செய்யும் அடிப்படையில் நிலையான கிரயம் பெட்டிக்கு ரூ. 96. இலாப நட்டமற்ற புள்ளி யாது?

எனது வகுப்பில் இவ்வினாவைக் கொடுக்கும்போதெல்லாம் சிலர் 400இலிருந்து 240ஐயும் 96ஐயும் கழித்து, மீதி 64ஐப் பங்களிப்பு என எழுதுவர். பின்னர் 48,000 ÷ 64 = 750 பெட்டிகள் என்பர். அந்த 64 பங்களிப்பு அன்று. 500 பெட்டிகள் விற்றால் மட்டும் பெட்டிக்குக் கிடைக்கும் இலாபம். நிலையான கிரயத்தை ஏற்கெனவே கழித்துவிட்டு, அதே கிரயத்தை ஈடுசெய்ய எத்தனை பெட்டி வேண்டும் என மீண்டும் கேட்பது இரட்டைக் கழிப்பாகும்.

இவ்விடை பிழை என்பதைப் பரீட்சை மண்டபத்திலேயே கண்டுகொள்ளலாம். 500 பெட்டிகளில் 500 × 64 = ரூ. 32,000 இலாபம் வருகிறது. அப்படியாயின் 750 பெட்டிகள் விற்ற பிறகுதான் நட்டம் நீங்கும் என்பது எவ்வாறு பொருந்தும்?

‘பெட்டிக்கு ரூ. 96’ என்பது 500 பெட்டிகளுக்கு மட்டுமே உண்மை. 400 பெட்டிகள் செய்தால் அதுவே ரூ. 120 ஆகிவிடும். மாறாதிருப்பது வாடகை, காவலாளி சம்பளம் போன்றவற்றின் மொத்தத் தொகையே. ஆகவே முதலில் அத்தொகைக்கு மாற்றுக:

மொத்த நிலையான கிரயம் = 96 × 500 = ரூ. 48,000
அலகுக்கான பங்களிப்பு = 400 – 240 = ரூ. 160
இலாப நட்டமற்ற புள்ளி = 48,000 ÷ 160 = 300 பெட்டிகள்
விற்பனைப் பெறுமதியில் = 300 × 400 = ரூ. 120,000

சரிபார்ப்போம். 300ஐத் தாண்டி விற்கும் 200 பெட்டிகளின் பங்களிப்பு முழுவதும் இலாபம்: 200 × 160 = ரூ. 32,000. முன்னர் கண்ட அதே இலாபம்.

எனினும் இந்த 300 என்றைக்கும் நிலைக்காது. விலை, கூலி, வாடகை ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் புதிதாகக் கணிக்க வேண்டும்.

மாதம் 400 பெட்டிகள் விற்கும் ஒருவரிடம் 750 என்று சொன்னால் அவர் தொழிலை மூடிவிடக்கூடும். உண்மையில் அவர் 100 × 160 = ரூ. 16,000 இலாபம் உழைத்துக்கொண்டிருக்கிறார். எனவே ‘அலகுக்கு நிலையான கிரயம்’ என்ற சொற்களைக் கண்டதும், எத்தனை அலகுகளின் அடிப்படையில் என்பதை வினாவில் தேடிக் கீழ்க்கோடிடுக.