மெதுவா இறங்குற தண்ணி

நாங்க நாலு பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டுல ஒரே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். போன செமஸ்டர்ல அது முழுசா அடைக்கல. ஃபிளஷ் பண்ணா தண்ணி மேல ஏறி நிக்கும், அப்புறம் ரெண்டு மூணு நிமிஷத்துல மெதுவா இறங்கும். முழு அடைப்பை விட இதுதான் குழப்பம். வழி கொஞ்சம் திறந்திருக்கு, ஆனா உள்ள சிக்கியிருக்கிறது பேப்பரா, வேற எதாவதா என்று மேலேயிருந்து தெரியாது.

முதல்ல பிளஞ்சர். வெறும் கிண்ணம் மாதிரி இருக்கிறது சிங்க்குக்கு. டாய்லெட்டுக்கு, உள்ளேயிருந்து இன்னொரு ரப்பர் வளையம் கீழே நீட்டிட்டு இருக்கிற வகை வேணும். அந்த வளையம்தான் ஓட்டைக்குள்ள போய் இறுக்கமா உட்காரும். ரப்பர் முழுக மூழ்குற அளவு தண்ணி இருக்கணும். இல்லன்னா பக்கெட்ல கொஞ்சம் ஊத்திக்கோங்க. பிளஞ்சரைச் சாய்ச்சு இறக்கினா உள்ள இருக்கிற காத்து வெளியேறிடும். காத்து சுருங்கும், தண்ணி கிட்டத்தட்ட சுருங்காது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சது கடைசியில இங்கதான் உதவிச்சு. காத்து மாட்டிக்கிட்டா நீங்க தர்ற அழுத்தம் அதைச் சுருக்குறதுலயே போயிடும்.

முதல் அழுத்து மெதுவா, இல்லன்னா தண்ணி முகத்துல தெறிக்கும். அப்புறம் ரப்பரை எடுக்காம பதினஞ்சு இருபது தடவை அழுத்தி இழுக்கணும். இழுக்கிறதுதான் நிறைய பேர் விடுற பாதி. அடைப்பை முன்னும் பின்னும் ஆட்டித்தான் தளர்த்த முடியும். ஏற்கனவே ஆசிட் ஊத்தியிருந்தா பிளஞ்சரைத் தொடாதீங்க, அதுவும் சேர்ந்து தெறிக்கும். சரியாயிடுச்சான்னு பார்க்க ஃபிளஷ் வேண்டாம். அரை பக்கெட் தண்ணியைப் பார்த்துப் பார்த்து ஊத்துங்க, ஏறினா உடனே நிறுத்திடலாம்.

எங்களுக்கு அப்படிச் செஞ்சதும் தண்ணி சர்ருன்னு இறங்கிச்சு. ரெண்டு நாள்ல பழையபடி மெதுவாச்சு. திரும்பச் செஞ்சோம், திரும்ப அதே கதை. வந்த பிளம்பர் அண்ணன் கேட்டதும் சொல்லிட்டார்: "தம்பி, உள்ள ஏதோ கெட்டியான பொருள் குறுக்க நிக்குது. பேப்பர் அதுல மாட்டும். நீங்க பேப்பரைத்தான் தள்ளுறீங்க."

அவர் எடுத்தது க்ளோசெட் ஆகர். சுமார் மூணு அடி நீளமான ஸ்பிரிங் கம்பி, மேல சுத்துற கைப்பிடி, வளைவுல பீங்கான் கீறாம இருக்க ரப்பர் உறை. அந்த வளைஞ்ச முனையை ஓட்டையில வெச்சு, கம்பியை மெதுவா சுத்திக்கிட்டே உள்ள விட்டார். தடை வந்ததும் பலமா தள்ளல. இன்னும் ரெண்டு சுத்து சுத்தி, கொக்கியில மாட்டினதும் வெளிய இழுத்தார். ஒரு டூத்பிரஷ். யாரோடதுன்னு இன்னும் முடிவாகல. அதைத் தள்ளியிருந்தா கீழ்க் குழாய்ல போய் மாட்டியிருக்கும்.

ஆகரும் மூணு அடிக்கு மேல எட்டாது. டாய்லெட்ல ஊத்துற தண்ணி பாத்ரூம் தரை ஓட்டை வழியா மேல வந்தா அடைப்பு பேசின்ல இல்ல, வெளியே போற லைன்ல. அப்போ பிளஞ்சரை ஓரமா வெச்சிட்டு வெளியில இருக்கிற சேம்பர் மூடியைத் திறந்து பாருங்க.