பிடித்தமும் வரியும்: போடிமெட்டுக் குறிப்பு

ஏலக்காய்த் தோட்டங்களின் தொழிற்சொற்களைத் தொகுப்பதற்காக 2022இல் போடிமெட்டுக்குச் சென்றிருந்தேன். போடிநாயக்கனூரில் குடியிருந்து, மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் வங்கிக் கணக்கேட்டை நீட்டினார். “தம்பி, விவசாயத்துக்கு வரி இல்லைன்னு சொல்றாங்க. எட்டாயிரம் வரி பிடிச்சிருக்காங்களே?” அவர் குரலில் ஏமாற்றப்பட்டவரின் வருத்தம் இருந்தது.

கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். இருபது தொழிலாளர், நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய், ஆண்டில் 240 வேலைநாள். கூலிக்காக மட்டும் அவர் எடுத்த ரொக்கம் 24 லட்சம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194-என் பிரிவு 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் எடுக்கும் ரொக்கத்துக்கே இரண்டு விழுக்காடு பிடித்தம் இருந்தது. 2020 ஜூலை முதல், முந்தைய மூன்றாண்டுகளில் ஒன்றுக்குக்கூடக் கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு அவ்வரம்பு 20 லட்சமாகக் குறைந்தது. பெரியவருக்கு வேளாண் வருமானம் மட்டுமே; எனவே அவர் தாக்கல் செய்ததேயில்லை. வரம்பை மீறிய நான்கு லட்சத்துக்கு இரண்டு விழுக்காடு, எட்டாயிரம்.

அவர் ‘வரி’ என்றார்; சட்டம் ‘பிடித்தம்’ என்கிறது. வேறுபாடு சொல்லளவில் நிற்பதில்லை. பிடித்த தொகை 26ஏஎஸ் படிவத்தில் அவர் பெயரில் வரவாக நிற்கும். கணக்குத் தாக்கல் செய்தால், செலுத்த வேண்டிய வரி ஏதுமில்லாத நிலையில், முழுத்தொகையும் திரும்பும். ஆகவே அந்த எட்டாயிரம், தாக்கல் செய்யாதவரைத் தாக்கலுக்கு இழுக்கும் கொக்கி. 2005 முதல் 2009 வரை இருந்த வங்கி ரொக்கப் பரிவர்த்தனை வரி இவ்வாறன்று, 0.1 விழுக்காடு, திரும்பாத வரி.

பெரியவரின் விற்பனைப் பணம் ஏற்கெனவே வங்கி வழியேதான் வந்தது. 2017 ஏப்ரல் முதல், ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 269-எஸ்டி பிரிவு தடுத்து வந்தது. மீறினால் பெற்ற தொகைக்கு ஈடான தண்டம், கொடுத்த வணிகருக்கன்று, பெற்ற விவசாயிக்கு. இரண்டு நாளாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே விற்பனை ஒரே விற்பனைதான். இப்படி உள்ளே வரும் பணத்துக்குத் தடம் கிடைத்துவிட்டது. வெளியேறும் பணத்துக்கு? ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பதிவுபெற்று, விவசாயிக்குக் கொடுக்க ரொக்கம் எடுக்கும் வணிகருக்கு 2019இலேயே விலக்கு அளித்தார்கள். கூலி கொடுக்க எடுக்கும் விவசாயிக்கு அவ்விலக்கு இல்லை.

பணம் எடுத்தவர் யார் என்பது பதிவாகிறது. வாரக்கூலியாக அது எந்தெந்தக் கைக்குப் போயிற்று என்பது பதிவாவதில்லை. தடம் போடி வங்கியின் முகப்போடு முடிகிறது. ஜீப்பில் மலையேறி வந்த தொழிலாளரின் சுருக்குப்பைக்குள் அது நுழைவதில்லை.

அன்றிரவே தாக்கலுக்கான தாள்களைத் திரட்டத் தொடங்கினோம். என் குறிப்பேட்டில் ‘பிடித்தம்’ என்ற சொல்லுக்கு நேரே இரண்டு பொருள்கள் எழுதினேன்: சட்டத்தில், திரும்பக்கூடியது, தோட்டத்தில், போனது. இரண்டையும் பிரிப்பது ஒரு படிவம். அதைப் பற்றி அவரிடம் அதுவரை எவரும் தமிழில் சொல்லியிருக்கவில்லை.